பேனல் மூடிக்கொள்ளாமல் ஸ்கிரீன்ஷாட் எடுக்க எந்த வழி நல்லது?

டேப்லெட்டில் மேலிருந்து விரலால் இழுத்தால் வருகிற நோட்டிஃபிகேஷன் பேனலையோ குயிக் செட்டிங்ஸையோ படமெடுக்கப் போனால், பல பேருக்குப் படத்தில் அது மட்டும் இருப்பதில்லை. எடுக்கிற நொடியில் பேனல் மேலே ஏறிவிடுகிறது. கேலரியைத் திறந்தால் வெறும் ஹோம் ஸ்கிரீன். இதற்குச் சொல்லப்படும் வழிகள் ஏழெட்டு உண்டு. ஒருவர் டேப்லெட்டில் நடப்பது இன்னொருவர் டேப்லெட்டில் நடக்காது. எதை முதலில் முயல வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று ஒரு உண்மையான தேவையை வைத்துப் பார்ப்போம்.

தேவை இதுதான். ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன், வாடிக்கையாளர்களுக்கு டிசைன் காட்ட ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்று வைத்திருக்கிறார். சாயங்காலமானால் அதில் நைட் லைட் தானாக வந்துவிடும். சில கம்பெனி டேப்லெட்களில் இதற்கு ஐ கம்ஃபர்ட் என்று பெயர். திரை மஞ்சளாகிவிடுவதால் டைல்ஸின் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும், வெள்ளைக் கரை பழுப்பாகத் தெரியும். சென்னையிலிருந்து வீடு கட்டுகிறவர் வந்து பார்த்து, "போன தடவை காட்டின சிவப்பு இது இல்லையே" என்பார். "தம்பி, பசங்களுக்கு ஒரு தாள்ல படம் போட்டுக் கொடு. எந்தப் பட்டனைத் தொட்டா மஞ்சள் போகும்னு வட்டம் போட்டுக் காட்டிடு" என்று அண்ணன் கேட்டார். காரைக்குடியில் நான் செய்கிற வேலையே கடைகளுக்கு இந்த மாதிரி ஒரு பக்க வழிகாட்டித் தாள் தயாரிப்பதுதான். தாளுக்கு வேண்டியது குயிக் செட்டிங்ஸ் முழுசாக விரிந்து நிற்கிற தெளிவான ஒரு படம்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால், பேனல் ஏன் மூடுகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். காரணம் மூன்று விதமாக இருக்கும். முதலாவது, தொடுதல். பேனலுக்கு வெளியே தெரிகிற மங்கலான பகுதியில் எது பட்டாலும், பேனலை மூடச் சொல்வதாகவே டேப்லெட் எடுத்துக்கொள்ளும். போனில் பேனல் திரையை நிறைத்துவிடுவதால் இந்தத் தொந்தரவு குறைவு. டேப்லெட்டில் பேனல் ஓரிடத்தில் நிற்க, சுற்றிலும் நிறைய இடம் காலியாகக் கிடக்கும். பிடித்திருக்கிற கையின் உள்ளங்கை அங்கே லேசாகப் பட்டாலே போதும். இரண்டாவது, வேறொரு சிஸ்டம் திரை வந்து நிற்பது. பவர் மெனு, குரல் உதவியாளர் போன்றவை திறக்கும்போது முன்னால் இருக்கிற பேனலை மூடிவிட்டுத்தான் வரும். அதனால்தான் குரலில் "ஸ்கிரீன்ஷாட் எடு" என்று சொல்வது இந்த வேலைக்கு உதவுவதில்லை. மூன்றாவது, வேண்டுமென்றே மூடுவது. குயிக் செட்டிங்ஸில் தொட்டு இயக்குகிற ஒவ்வொரு பட்டனுக்கும் ஓடு என்று பெயர். அங்கேயே ஸ்கிரீன்ஷாட் என்று ஒரு ஓடு இருந்தால், அது பின்னால் இருக்கிற ஆப்பைப் படமெடுப்பதற்காக வைக்கப்பட்டது. பேனலை ஒதுக்கிவிட்டுத்தான் எடுக்கும். அதை எத்தனை தடவை அழுத்தினாலும் பேனல் கிடைக்காது. அதன் வேலையே அப்படி என்பதால், அதைப் பழுது என்று நினைத்து செட்டிங்ஸில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

என் கணிப்பில் முதலிடம் இன்னும் பக்கவாட்டுப் பட்டன்களுக்குத்தான். பவர், வால்யூம் குறைப்பு இரண்டையும் ஒன்றாக அழுத்துவது எல்லோருக்கும் தெரியும். "அதைத்தானே செய்தேன், மூடிவிட்டதே" என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோருக்கு நடப்பது, இரண்டு பட்டன்களும் ஒரே நேரத்தில் விழாமல் போவதுதான். ஆண்ட்ராய்டின் மூல நிரலில் இரண்டாவது பட்டனுக்காகக் காத்திருக்கும் நேரம் 150 மில்லி வினாடி. கண் சிமிட்டுவதற்கு ஆகிற நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் இரண்டாவது பட்டன் வரவில்லை என்றால், இரண்டையும் தனித்தனி அழுத்தமாக எடுத்துக்கொள்ளும்.

எந்தப் பட்டன் முந்தியது என்பதைத் திரையே காட்டிக்கொடுக்கும். திரை அணைந்து பூட்டிக்கொண்டால் பவர் தனியாக விழுந்திருக்கிறது. பூட்டும்போது பேனலும் போய்விடும். அணைக்கவா, ரீஸ்டார்ட் செய்யவா என்று கேட்கும் மெனுவோ குரல் உதவியாளரோ வந்தால், பவர் மட்டும் நீண்ட நேரம் அழுந்தியிருக்கிறது. வால்யூம் கோடு எட்டிப் பார்த்தால் வால்யூம் முந்தியிருக்கிறது. அந்தக் கோடு மறைகிறவரை சில நொடி காத்திருந்து திரும்ப எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பேனலோடு சேர்ந்து அதுவும் படத்தில் விழும். இவை எதுவும் வராமல், ஃபிளாஷ் மாதிரி ஒரு வெட்டு வெட்டி, ஓரத்தில் சின்னப் படம் வந்து, அதில் பேனல் மட்டும் இல்லை என்றால் அப்போது சந்தேகப்பட வேண்டியது உள்ளங்கையை.

ஆகவே டேப்லெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எடுக்கக் கூடாது. மேசையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். ஹோம் ஸ்கிரீனுக்குப் போய்விட்டு, இரண்டு விரல்களை ஒன்றாக வைத்து மேலிருந்து இழுங்கள். பல டேப்லெட்களில் குயிக் செட்டிங்ஸ் ஒரே இழுப்பில் முழுசாக விரியும். கையை முழுக்க எடுத்துவிட்டு, விளிம்பில் இருக்கும் பட்டன்களை மட்டும் இரண்டு விரல் நுனியால் ஒரே நேரத்தில் அழுத்தி, ஒரு நொடி வைத்திருந்து விடுங்கள். ஹோம் ஸ்கிரீனுக்குப் போகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பின்னால் வங்கி ஆப் மாதிரி ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்கிற ஆப் திறந்திருந்தால், முன்னால் பேனல் நின்றாலும் படம் எடுக்க மறுத்துவிடலாம், அல்லது அந்த இடம் கறுப்பாக விழலாம்.

பட்டன் பழுதாகிவிட்ட டேப்லெட்டுக்கு இரண்டு மாற்று உண்டு. ஒன்று கீபோர்டு. புளூடூத்திலோ ஓடிஜி மூலமாகவோ இணைத்த கீபோர்டில் பிரிண்ட் ஸ்கிரீன் விசை இருந்தால், அது ஆண்ட்ராய்டில் ஸ்கிரீன்ஷாட் விசையாகவே வேலை செய்யும். திரையில் கையே படாது, இரண்டு பட்டன் ஒத்துப்போக வேண்டிய சிக்கலும் கிடையாது. பட்டனுக்கு அடுத்தபடியாக நான் நம்புவது இதைத்தான். பழைய கம்ப்யூட்டர் கீபோர்டே போதும். சின்ன மடக்கு கீபோர்டுகளில் அந்த விசை இல்லாமலிருக்கும், வாங்குவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி பகுதியில் இருக்கும் ஆக்சஸிபிலிட்டி மெனு. சாம்சங்கில் இதே வேலையைச் செய்வது அசிஸ்டன்ட் மெனு. அதை இயக்கினால் திரையில் ஒரு மிதக்கும் வட்டம் நிற்கும். தொட்டால் வரும் பலகையில் ஸ்கிரீன்ஷாட் இருக்கும். இது சிஸ்டத்தின் சொந்தப் பொருள் என்பதால் பேனலுக்கும் மேலே நிற்க அதற்கு இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் இதைத் தன் விருப்பத்துக்கு மாற்றுகிறது. வட்டத்தைத் தொட்டதும் உங்கள் டேப்லெட்டில் பேனல் நிற்கிறதா, ஏறிவிடுகிறதா என்பது ஒரே தொடுதலில் தெரிந்துவிடும். ஏறிவிட்டால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பிளே ஸ்டோரில் கிடைக்கும் ஸ்கிரீன்ஷாட் ஆப்களைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். மிதக்கும் பட்டன் கொடுக்கிற ஆப்பை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆண்ட்ராய்டு 8 முதல், சாதாரண ஆப்கள் மற்ற ஆப்களுக்கு மேல் வைக்கிற எந்தப் பட்டனும் ஸ்டேட்டஸ் பாருக்கும் பேனலுக்கும் கீழ் அடுக்கில்தான் நிற்க முடியும். பேனலை இழுத்தால் அந்தப் பட்டன் அதன் அடியில் போய்விடும். அழுத்த வேண்டிய நேரத்தில் அது கைக்கு எட்டாது. ஆப்பில் டைமர் இருந்தால் கதை வேறு. ஐந்து நொடி வைத்துவிட்டு, பேனலை இழுத்து, கையை எடுத்துக் காத்திருந்தால் படம் விழும். ஆனால் அந்த ஆப் திரையைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்கலாம். ஆண்ட்ராய்டு 14 அந்த அனுமதியை இன்னும் இறுக்கிவிட்டது. பேனலை இழுத்த பிறகு அந்தக் கேள்வி வந்தால் அதுவே பேனலை மூடிவிடும். இவ்வளவுக்கும் மேல், முகம் தெரியாத ஒரு ஆப்புக்கு முழுத் திரையையும் பார்க்கிற உரிமையைக் கொடுக்கிறோம். பேனலில் வருவது வங்கி மெசேஜும் ஓடிபியும்.

ஆப் எதுவும் ஏற்றாமல் அதே காரியத்தைச் செய்கிறது ஸ்கிரீன் ரெக்கார்டர். ஆண்ட்ராய்டு 11 முதல் இது சிஸ்டத்தோடேயே வருகிறது. வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது பேனலை இழுத்து அப்படியே மூன்று நான்கு நொடி விட்டுவிட்டு, பிறகு நிறுத்துங்கள். வீடியோவைத் திறந்து, பேனல் அசையாமல் நிற்கும் இடத்தில் பாஸ் செய்து, திரையை ஒருமுறை தொட்டுப் பிளேயர் பட்டன்களை மறைத்துவிட்டு ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம். இப்போது திரையில் இருப்பது வெறும் வீடியோ என்பதால், குயிக் செட்டிங்ஸ் ஓடோ குரலோ எந்த வழியில் எடுத்தாலும் எதுவும் மூடாது.

இதில் கவனிக்க வேண்டியது தொடக்கத்தில் வரும் கேள்வி. புதிய பதிப்புகளில் முழுத் திரையா, ஒரே ஒரு ஆப்பா என்று கேட்கும். ஒரு ஆப் என்று கொடுத்தால் ரெக்கார்டர் அந்த ஆப்பை மட்டும் எடுக்கும். பேனல் கண்ணுக்குத் தெரியும், வீடியோவில் இருக்காது. முழுத் திரை என்றே கொடுக்க வேண்டும். இன்னொரு குறை தெளிவு. வீடியோவைச் சுருக்கும்போது மெல்லிய எழுத்துகளின் ஓரம் கலங்கும், அதுவும் நிறமுள்ள பின்னணியில் இன்னும் கலங்கும். பேனல் இறங்கிக்கொண்டிருக்கிற ஃபிரேமில் கலக்கம் அதிகம், நின்று ஒரு நொடி ஆன ஃபிரேமில் குறைவு. வாட்ஸ்அப்பில் அனுப்பி "இதைத் தொடு" என்று காட்டப் போதுமானது. அச்சுக்கு நான் வைக்க மாட்டேன். கூடவே, ரெக்கார்ட் ஆகிக்கொண்டிருக்கும் குறியும் அதன் நோட்டிஃபிகேஷனும் படத்தில் நிற்கும். சந்தேகத்துக்கு வழிவிடாத தாள் வேண்டுமென்றால் அது இடைஞ்சல்.

ஒரே மாதிரி பல படம் வேண்டும், அல்லது டேப்லெட்டில் எந்த வழியும் எடுபடவில்லை என்ற இரண்டு நிலைகளில் கம்ப்யூட்டர்தான் சிறந்த வழி. இங்கே பேனலைத் திறப்பதும் படமெடுப்பதும் இரண்டுமே கட்டளையில் நடக்கும். தொடுதல் இல்லை, பட்டன் இல்லை. மூடுவதற்கான காரணமே எழாது.

டேப்லெட் செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கூகுள் இலவசமாகத் தரும் பிளாட்ஃபார்ம் டூல்ஸை இறக்கிப் பிரித்து, அந்த ஃபோல்டரில் கமாண்ட் விண்டோவைத் திறந்து, கேபிளைச் செருகி இவற்றை வரிசையாக அடிக்கலாம்:

```
adb devices
adb shell cmd statusbar expand-settings
adb shell sleep 2
adb shell screencap -p /sdcard/panel.png
adb pull /sdcard/panel.png
adb shell cmd statusbar collapse
```

முதல் வரியை அடித்ததும் டேப்லெட்டின் எண் திரையில் வர வேண்டும். பட்டியல் காலியாக வந்தால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிளில் டேட்டா போகாது. எண்ணுக்குப் பக்கத்தில் `unauthorized` என்று வந்தால் டேப்லெட் திரையில் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறது, சரி கொடுக்க வேண்டும். நடுவில் இரண்டு நொடி தூங்கச் சொல்வது பேனல் முழுசாக இறங்குவதற்காக. அதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒரு பேட்ச் ஃபைலில் போட்டு ஓட்டினால் பாதி இறங்கிய பேனல் கிடைக்கும். நோட்டிஃபிகேஷன்களைத்தான் எடுக்க வேண்டுமென்றால் இரண்டாவது வரியில் `expand-settings` என்பதற்குப் பதில் `expand-notifications`. ஆனால் அங்கே ஒரு குறை உண்டு. யூஎஸ்பி டீபக்கிங் இணைந்திருக்கிறது என்று டேப்லெட்டே ஒரு நோட்டிஃபிகேஷன் போடும், அதுவும் படத்தில் வரும். நோட்டிஃபிகேஷன் பட்டியலைச் சுத்தமாகப் படமெடுக்க நினைப்பவருக்குப் பட்டனோ கீபோர்டோதான் மேல்.

கட்டளை அடிக்கப் பிடிக்காதவர்கள் `scrcpy` என்ற இலவச மென்பொருளை வைத்து டேப்லெட் திரையைக் கம்ப்யூட்டரில் கொண்டுவரலாம். இதற்கும் யூஎஸ்பி டீபக்கிங் வேண்டும். இடது ஆல்ட்டும் `n` விசையும் சேர்த்தால் நோட்டிஃபிகேஷன் பேனல் இறங்கும். ஆல்ட்டை விடாமல் `n` ஐ இரண்டு தடவை அடித்தால் குயிக் செட்டிங்ஸ். பிறகு விண்டோஸில் விண்டோஸ் விசை, ஷிஃப்ட், `S` மூன்றையும் அழுத்தி வேண்டிய பகுதியை வெட்டிக்கொள்ளலாம். சுலபம்தான், ஆனால் கிடைக்கிற படத்தின் அளவு கம்ப்யூட்டரில் அந்த ஜன்னல் எவ்வளவு பெரிசாக நிற்கிறதோ அவ்வளவுதான். 1366 பிக்சல் அகலமுள்ள லேப்டாப் திரையில் 1920 பிக்சல் டேப்லெட் சுருங்கித்தான் நிற்கும். மேலே சொன்ன கட்டளை டேப்லெட்டின் முழு அளவையும் கொடுக்கும்.

பட்டறைத் தாளுக்குக் கணக்கு இப்படி வந்தது. அந்த டேப்லெட் 1920க்கு 1200. அச்சில் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் 1920 பிக்சல் 6.4 அங்குலம் வரும். ஏ4 தாளின் அகலம் எட்டே கால் அங்குலத்தை ஒட்டி இருக்கிறது, இரண்டு பக்கமும் ஓரம் விட்டு ஒழுங்காக உட்காரும். வீடியோவிலிருந்து எடுத்தால் இந்த அளவில் ஓடுகளின் அடியில் இருக்கும் பெயர் கலங்கித் தெரியும், பையன்கள் படிக்க வேண்டியதே அந்தப் பெயரைத்தான். பட்டன் வழியில் எடுத்தாலும் கட்டளையில் எடுத்தாலும் தெளிவு ஒன்றுதான். அண்ணனுக்கு வேண்டியது ஒரே படம் என்பதால், லேப்டாப்பைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. பட்டறை மேசையில் படுக்க வைத்து, பட்டனில் எடுத்தோம். வைஃபை பெயர் ஓடு படத்தில் இருந்தது. சுவரில் ஒட்டப் போகிற தாள் என்பதால் அதை மட்டும் மறைத்தேன். டீபக்கிங் இயக்காமல் முடிந்ததில் இன்னொரு நன்மை, அதே டேப்லெட்டில் அண்ணன் பணப் பரிமாற்றமும் செய்கிறார். டீபக்கிங் இயங்கினால் சில வங்கி ஆப்கள் திறக்க மாட்டேன் என்று நின்றுவிடும். கம்ப்யூட்டர் வழியைப் பிடிக்கிறவர்கள் வேலை முடிந்ததும் அதை அணைத்துவிடுங்கள்.

தாளில் இரண்டாவது படம் ஒன்றும் தேவைப்பட்டது: மஞ்சள் திரை எப்படி இருக்கும் என்று காட்டுகிற படம். இதற்கு மேலே சொன்ன எந்த வழியும் உதவாது. நைட் லைட்டின் மஞ்சள், படம் உருவான பிறகு திரைக்குப் போகிற கடைசிக் கட்டத்தில் ஏற்றப்படுவது. அதனால் பெரும்பாலான டேப்லெட்களில் ஸ்கிரீன்ஷாட்டில் அது விழாது. ஓடு இயங்குவதாகக் காட்டும், நிறம் மட்டும் சாதாரணமாகவே இருக்கும். இங்கே வேறொரு போனின் கேமராதான் கதி. சாதாரணமாகக் கேமரா வழியை நான் கடைசியில் வைப்பேன், திரையின் புள்ளிகளும் கேமராவின் புள்ளிகளும் மோதி அலை அலையாகக் கோடு விழும் என்பதால். கொஞ்சம் பின்னால் போய், ஜூம் செய்து, கோணத்தைச் சிறிது மாற்றினால் கோடு குறையும். இன்னொரு சிக்கல், கேமரா மஞ்சளைத் தானாகச் சரிசெய்து வெள்ளையாக்கப் பார்க்கும். அதற்காக டேப்லெட்டுக்குப் பக்கத்திலேயே உண்மையான சிவப்பு டைல்ஸ் ஒன்றை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டையும் ஒரே ஃபிரேமில் எடுத்தோம். கல்லின் சிவப்பும் திரையின் சிவப்பும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்பது அதில் பார்த்ததும் தெரிகிறது.

ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒப்பீடே அநேகமாக வேண்டியதில்லை. கன்ட்ரோல் சென்டரை இழுத்துவிட்டு, ஹோம் பட்டன் இல்லாத மாடலில் மேல் பட்டனையும் ஒரு வால்யூம் பட்டனையும், ஹோம் பட்டன் இருக்கிற மாடலில் ஹோமையும் மேல் பட்டனையும் ஒன்றாக அழுத்தி உடனே விட்டால் அது திறந்தபடியே படத்தில் வரும். அங்கேயும் உள்ளங்கை விதி ஒன்றுதான்: காலியிடத்தில் கை பட்டால் மூடிக்கொள்ளும், ஆகவே மேசையில் வைத்தே எடுங்கள்.